கால் அளவு பம்பைச் சோதித்து முழு அளவு பம்பை நம்புவது எப்படி?

கேள்வி: பெரிய பம்ப் செய்வதற்கு முன் நாலில் ஒரு பங்கு அளவில் மாடல் செய்து சோதிக்கிறார்கள். ரெனால்ட்ஸ் எண் இரண்டிலும் சமமாக இருந்தால்தான் அந்தச் சோதனை செல்லும் என்று பாடத்தில் படித்தேன். டெஸ்ட் பெட்டில் வேலை பார்க்கும் நண்பரோ, அதையெல்லாம் யாரும் சமமாக வைப்பதில்லை என்கிறார். யார் சொல்வது சரி? விமான இறக்கைக்கும் இதே கதைதானா? எங்கள் காலேஜ் விண்ட் டனலில் 10 செ.மீ. இறக்கையை வைத்து எடுத்த அளவுகளை நம்பலாமா?

பதில்:

நடைமுறையில் உங்கள் நண்பர் சொல்வதுதான் நடக்கிறது. பாடமும் பொய் சொல்லவில்லை. ரெனால்ட்ஸ் எண் போன்ற பரிமாணமற்ற எண்கள் எல்லாமே சமமாக இருந்தால் மாடல் அச்சு அசலாக நடந்துகொள்ளும் என்பது உண்மை. ஆனால் தண்ணீரை வைத்துக்கொண்டு எல்லா எண்களையும் சமமாக வைக்கவே முடியாது. அதனால் எந்த எண்ணை விட்டுக்கொடுப்பது, விட்டுக்கொடுத்ததற்கு என்ன விலை, அந்த விலையை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் மாடல் சோதனையில் உள்ள உண்மையான வேலை. ஒரு பம்பை எடுத்துக்கொண்டு கணக்கோடு பார்த்துவிடுவோம். அப்புறம் இறக்கைக்கு வரலாம்.

முதலில் பம்பின் போக்கைத் தீர்மானிப்பவை எவை? இம்பெல்லரின் விட்டம் D, சுழலும் வேகம் n, ஓடும் நீரின் அளவு Q, திரவத்தின் அடர்த்தி ρ, அதன் பாகுநிலை μ. இவற்றிலிருந்து கிடைப்பது ஹெட், அதாவது பம்ப் தண்ணீரைத் தூக்கும் உயரம். ஹெட்டை மீட்டரில் H என்று தனியாக எடுத்தால் பலரும் இங்கேயே சிக்கிக்கொள்கிறார்கள். மூடிய கேசிங்குக்குள் சுற்றும் பம்புக்குப் புவியீர்ப்பு இருப்பதே தெரியாது. அது ஒவ்வொரு கிலோ தண்ணீருக்கும் இவ்வளவு ஜூல் என்று ஆற்றல் கொடுக்கிறது, அவ்வளவுதான். அதே பம்பை நிலவில் ஓட்டினாலும் கிலோவுக்கு அதே ஜூல்தான். மீட்டரில் அளந்தால் மட்டும் ஹெட் ஆறு மடங்காகத் தெரியும். ஆகவே g, H இரண்டையும் தனித்தனியாக எடுக்காமல் gH என்று ஒரே அளவாக எடுக்க வேண்டும். தனித்தனியாக எடுத்தால் கணக்கில் தேவையில்லாத ஓர் எண் கூடுதலாக வந்து நிற்கும்.

இப்போது gH-ஐயும் சேர்த்து மொத்தம் ஆறு அளவுகள். நீளம், நேரம், நிறை என மூன்று அடிப்படைப் பரிமாணங்கள். ஆறில் மூன்று போக மூன்று பரிமாணமற்ற எண்கள் மிஞ்சும். பக்கிங்ஹாம் 1914-ல் எழுதிய பை தேற்றம் சொல்வது இதைத்தான். அந்த மூன்றையும் கண்டுபிடிக்க அடுக்குகளைப் போட்டுச் சமன்பாடு தீர்க்க வேண்டிய அவசியமில்லை. பம்பிடமே அளவுகோல்கள் இருக்கின்றன. நீளத்தை D-ஆல் அளக்கலாம். நேரத்தை ஒரு சுற்றுக்கு ஆகும் நேரத்தால், அதாவது 1/n-ஆல் அளக்கலாம். நிறைக்கு ρD³ இருக்கிறது. Q என்பது கன மீட்டர் வகுத்தல் நொடி. பம்பின் அளவுகோலில் அது nD³. gH என்பது மீட்டர் வர்க்கம் வகுத்தல் நொடி வர்க்கம்; ஆகவே n²D². பாகுநிலை, கிலோவை மீட்டர் பெருக்கல் நொடியால் வகுத்தது, ஆகவே ρnD². மிச்சமிருந்த ஒவ்வொன்றையும் அதனதன் அளவுகோலால் வகுத்தால் வேலை முடிந்தது.

```
φ  = Q / (n·D³)
ψ  = gH / (n²·D²)
Re = ρ·n·D² / μ

ψ = f(φ, Re)
```

f என்ன வடிவம் என்பதைப் பரிமாணப் பகுப்பாய்வு சொல்லாது. அதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரே வடிவமுள்ள எல்லா பம்புக்கும் f ஒன்றேதான் என்று அது உறுதி தருகிறது. ‘ஒரே வடிவம்’ என்பதில் நிறைய விஷயம் ஒளிந்திருக்கிறது. பிளேடின் கோணம், இம்பெல்லர் வாயின் அகலம், வால்யூட்டின் வளைவு, வேர் ரிங்கின் இடைவெளி, உள்பரப்பின் சொரசொரப்பு என்று எல்லாமே அதே விகிதத்தில் சுருங்கியிருக்க வேண்டும். கடைசி இரண்டும் பின்னால் தொல்லை கொடுக்கும்.

சரி, கணக்குக்கு ஒரு பம்பை வைத்துக்கொள்வோம். இம்பெல்லர் விட்டம் 1.2 மீட்டர், வேகம் 500 ஆர்.பி.எம்., நொடிக்கு 2 கன மீட்டர் தண்ணீரை 40 மீட்டர் ஹெட்டுக்குத் தள்ள வேண்டும். தண்ணீருக்குச் சேரும் திறன் மட்டும் ρgQH, சுமார் 785 கிலோவாட். ஊருக்குக் குடிநீர் எடுத்துச் செல்லும் பெரிய பம்பிங் ஸ்டேஷனில் பார்க்கக்கூடிய அளவு இது. நொடிக்கு 8.33 சுற்று என்று போட்டால் φ = 0.139, ψ = 3.92. தண்ணீரின் ρ, μ போட்டால் ரெனால்ட்ஸ் எண் Re = 1 கோடியே 20 லட்சம். (Re-ல் நுனி வேகத்தைப் போடுகிறவர்களும் உண்டு. அப்போது எல்லா எண்ணும் π மடங்கு மாறும். மாடலுக்கும் பெரியதற்கும் ஒரே வரையறையைப் பிடித்துக்கொண்டால் போதும்.)

மாடல் கால் அளவு. இம்பெல்லர் 0.3 மீட்டர். பாடம் சொன்னபடி ரெனால்ட்ஸ் எண்ணைச் சமமாக்கிப் பாருங்கள். தண்ணீர் அதே தண்ணீர் என்பதால் nD² சமமாக இருக்க வேண்டும். விட்டம் கால் பங்கு ஆகும்போது வேகம் 16 மடங்காக வேண்டும், அதாவது 8000 ஆர்.பி.எம். அப்போது ஹெட் n²D² விகிதத்தில் 16 மடங்காகி 640 மீட்டருக்குப் போகும். திறன் ρn³D⁵ விகிதத்தில் மாறுவதால், 4096-ஐ 1024-ஆல் வகுத்து 4 மடங்கு. கைக்கடக்கமான மாடலை ஓட்ட 3 மெகாவாட்டுக்கு மேல் மோட்டார் வேண்டும்! பெரிய பம்பையே செய்து ஓட்டிப் பார்ப்பது இதைவிட மலிவு. கேசிங்கும் 60 பாருக்கு மேல் அழுத்தம் தாங்க வேண்டும். அதனால்தான் உங்கள் நண்பர் அந்தப் பக்கமே போவதில்லை.

நடைமுறையில் மாடலை 1500 ஆர்.பி.எம். மோட்டாரில் கோத்து ஓட்டுவார்கள். φ, ψ இரண்டையும் சமமாக வைத்தால் மாடலில் வர வேண்டியவை: நொடிக்கு 93.75 லிட்டர், ஹெட் 22.5 மீட்டர். தண்ணீருக்குச் சேரும் திறன் 20.7 கிலோவாட். ஒரு 30 கிலோவாட் மோட்டார் தாராளமாகப் போதும். விட்டுக்கொடுத்தது Re: மாடலில் 22.5 லட்சம்தான் வருகிறது. பெரியதில் உள்ளதைவிட 5.3 மடங்கு குறைவு.

இதை விட்டுக்கொடுக்கலாம் என்று எந்தத் தைரியத்தில் சொல்கிறோம்? ரெனால்ட்ஸ் எண் இவ்வளவு பெரிதாகிவிட்டால் ஓட்டம் முழுக்கக் கொந்தளிப்பாக இருக்கும். பாகுநிலையின் செல்வாக்கு சுவரை ஒட்டிய மெல்லிய படலத்தோடு நின்றுவிடும். நடுவில் ஓடும் தண்ணீர் பிளேடின் கோணத்துக்கும் வேகத்துக்கும்தான் கட்டுப்படும். உராய்வுக் குணகமும் Re-ன் ஐந்தாம் படிமூலம் என்ற அளவில் மெதுவாகத்தான் மாறும். பரப்பு சொரசொரப்பாக இருந்தால் அந்த மாற்றமும் நின்று போகும். ஆகவே ψ, φ இரண்டுக்கும் இடையிலான வளைகோடு மாடலிலிருந்து பெரியதற்கு ஏறக்குறைய அப்படியே செல்லும்.

திறமை விகிதம், அதாவது எஃபிஷியன்சி, அப்படிச் செல்லாது. ஏனென்றால் நாம் அளப்பதே இழப்பைத்தான், இழப்பில் பெரும் பங்கு உராய்வு. மாடலில் 82 சதவீதம் அளந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரிய பம்ப் இதைவிட நன்றாக ஓடும். எவ்வளவு நன்றாக என்பதில்தான் வழக்கு. உராய்வு வரைபடத்துக்குப் பெயர் கொடுத்த அதே அமெரிக்கப் பொறியாளர் மூடி, டர்பைன்களுக்காக ஒரு சூத்திரம் தந்தார். பம்புக்கும் அதைப் பயன்படுத்துவார்கள். மொத்த இழப்பும் விட்டத்தின் ஐந்தாம் படிமூலத்துக்கு எதிர் விகிதத்தில் குறைகிறது என்பது அதன் கணக்கு. சுவிஸ் நாட்டு ஆக்கரெட் வேறு மாதிரி யோசித்தார். இழப்பில் பாதிதான் உராய்வு. மற்றப் பாதி ஓட்டம் பிரிவதாலும் மோதுவதாலும் வருவது. அது ரெனால்ட்ஸ் எண்ணைச் சட்டை செய்யாது. ஆகவே பாதி இழப்பு மட்டுமே குறையும் என்றார்.

```
மூடி:     (1−ηp)/(1−ηm) = (Dm/Dp)^0.2
ஆக்கரெட்: (1−ηp)/(1−ηm) = 0.5·[1 + (Rem/Rep)^0.2]
```

η எஃபிஷியன்சி, m மாடல், p பெரிய பம்ப். நம் பம்புக்குப் போட்டுப் பாருங்கள். மூடி சூத்திரம் 18 சதவீத இழப்பை 13.6 ஆக்குகிறது. பெரிய பம்புக்கு 86.4 சதவீதம் கிடைக்கிறது. ஆக்கரெட் சூத்திரத்தில் இழப்பு 15.4, எஃபிஷியன்சி 84.6. ஷாஃப்டில் முறையே 909 கிலோவாட், 928 கிலோவாட். சூத்திரத்தை மாற்றினாலே ஏறக்குறைய 20 கிலோவாட் வித்தியாசம். ஆண்டுக்கு 6000 மணி நேரம் ஓடினால் அது 1 லட்சத்து 20 ஆயிரம் யூனிட். அதனால்தான் பெரிய பம்ப் ஒப்பந்தங்களில் உத்தரவாத எஃபிஷியன்சியை மாடலிலிருந்து கணிப்பதாக இருந்தால், எந்தச் சூத்திரம் என்பதையும் முன்கூட்டியே எழுதிவிட வேண்டும். சோதனை முடிந்த பிறகு பேச உட்கார்ந்தால் விற்பவருக்கு மூடியும் வாங்குபவருக்கு ஆக்கரெட்டும் பிடித்துப் போவது இயற்கை. என்னைக் கேட்டால் பம்புக்கு ஆக்கரெட் பக்கம் சாய்வதே பத்திரம். நீர்ப் பொறிகளின் மாடல் சோதனைக்கு ஐ.ஈ.சி. 60193 என்ற தரநிலை இருக்கிறது. மாடல் எவ்வளவு சிறிதாக இருக்கலாம், எஃபிஷியன்சியை எப்படி ஏற்றிக் கணக்கிடுவது என்பதெல்லாம் அதில் வரும்.

இப்போது அந்த இடைவெளிக்கு வருவோம். பெரிய பம்பில் வேர் ரிங்குக்கும் இம்பெல்லருக்கும் இடையே, விட்டத்தில் 0.8 மி.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். மாடலில் அது 0.2 மி.மீ. ஆக வேண்டும். ஷாஃப்ட் கொஞ்சம் வளைந்தாலே ரிங் உரசும். உரசக்கூடாதே என்று கடைசல் போடுகிறவர் 0.4 வைத்துவிட்டால், தேவையானதைவிட இரண்டு மடங்கு இடைவெளி. உயர் அழுத்தப் பக்கத்திலிருந்து உறிஞ்சும் பக்கத்துக்குத் திரும்பி ஒழுகும் தண்ணீரும் சுமார் இரண்டு மடங்கு. மாடல் எஃபிஷியன்சி சில புள்ளிகள் இறங்கிவிடும். அந்த இறக்கத்தையும் சேர்த்து, “எல்லாம் ரெனால்ட்ஸ் எண் செய்த வேலை, பெரியதில் சரியாகிவிடும்” என்று சொல்ல முடியாது. ஒழுகல் Re-ஆல் வந்ததல்ல, வடிவம் மாறியதால் வந்தது. சொரசொரப்பும் இதே மாதிரிதான். பெரியதன் வார்ப்பில் பத்தில் ஒரு மி.மீ. மேடு பள்ளம் இருந்தால் மாடலில் நாற்பதில் ஒரு பங்கு மி.மீ.தான் இருக்கலாம். மாடல் இம்பெல்லரைப் பளபளவென்று தேய்த்து மெருகேற்றுவது அழகுக்காக இல்லை. இதில் எதிர்ப்பக்கத்துத் தவறும் உண்டு. மாடலை மட்டும் பளபளப்பாக்கிவிட்டுப் பெரியதை வார்த்தபடியே அனுப்பினால், கணித்த எஃபிஷியன்சி தளத்தில் வராது.

மாடல் சொல்வதை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று இருக்கிறது. அதை ஏன் பலர் செய்வதில்லை என்பதுதான் எனக்குப் புரியவில்லை. அதே மாடலை 1000, 1250, 1500 ஆர்.பி.எம். என்று மூன்று வேகத்தில் ஓட்டுங்கள். Q, H என்று வரைந்தால் மூன்று தனித்தனிக் கோடுகள். அவற்றை φ, ψ ஆக மாற்றி வரைந்தால் மூன்றும் ஒரே கோட்டில் விழ வேண்டும். விழாவிட்டால், எப்படி விலகுகின்றன என்பதே நோயைச் சொல்லிவிடும்.

ஓர் உதாரணம். 1000 ஆர்.பி.எம்.-ல் நம் மாடலின் ஹெட் 10 மீட்டர், 1500-ல் 22.5 மீட்டர். அழுத்தமானி 0.3 மீட்டர் கூடுதலாகக் காட்டுகிறது என்று வையுங்கள். 1000-ல் அது 3 சதவீதத் தவறு, 1500-ல் 1.3 சதவீதம். ஆகவே வேகம் குறையக் குறைய ψ கோடு மேலே ஏறிக்கொண்டே போகும். பாகுநிலை செய்யக்கூடியது இதற்கு நேரெதிர். வேகம் குறைந்தால் Re குறையும், உராய்வு கூடும், ψ கொஞ்சம் இறங்கத்தான் வேண்டும். மெதுவாக ஓடும்போது மாடல் நன்றாக ஓடுவது போலத் தெரிந்தால் உடனே பம்பை விட்டுவிட்டு கேஜின் பூஜ்யத்தைப் போய்ப் பாருங்கள். மூன்று கோடும் சேர்ந்தே வந்து, ஒரு வேகத்தில் மட்டும் Q அதிகமான கோடியில் சட்டென்று விழுந்தால் அது கேவிட்டேஷன், அதாவது அழுத்தம் இறங்கிய இடத்தில் தண்ணீர் ஆவிக் குமிழிகளாக மாறுவது. எஃபிஷியன்சி கோடுகள் மட்டும் சீராக, கொஞ்சம் கொஞ்சமாக வேகத்தோடு ஏறினால் அது ரெனால்ட்ஸ் எண்ணின் உண்மையான விளைவு. ஐந்தாம் படிமூலக் கணக்கில் முழு இழப்பையும் உராய்வு என்று எடுத்துக்கொண்டாலும் 1500-ல் 18 ஆக இருக்கும் இழப்பு 1000-ல் 19.5-க்கு மேல் போகக்கூடாது. அதைவிட அதிகம் விலகினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

Re-ஐ மாற்றிப் பார்க்க வேகத்தைத் தொடாமலும் ஒரு வழி உண்டு: தண்ணீரைச் சூடாக்குவது. 20 டிகிரியில் இருப்பதைவிட 60 டிகிரியில் தண்ணீரின் பாகுநிலை பாதிக்கும் குறைவு. ஆகவே அதே 1500 ஆர்.பி.எம்.-ல் Re இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். ஆனால் 60 டிகிரியில் ஆவி அழுத்தம் சுமார் 20 கிலோபாஸ்கல், அதாவது 2 மீட்டர் நீர் உயரம். உறிஞ்சும் பக்கத்தில் அந்த அளவுக்குக் கையிருப்பு போய்விடும். அதைக் கவனிக்காமல் சூடாக்கினால் Re-ன் விளைவைத் தேடப் போய்க் கேவிட்டேஷனை அளந்துகொண்டு வருவீர்கள்.

கேவிட்டேஷனுக்குத் தனியாக ஒரு பரிமாணமற்ற எண் இருக்கிறது, ஏனென்றால் ஆவி அழுத்தம் என்ற ஏழாவது அளவு உள்ளே வருகிறது. உறிஞ்சும் வாயில் ஆவி அழுத்தத்துக்கு மேல் மிஞ்சியிருக்கும் ஹெட்டைத்தான் என்.பி.எஸ்.எச். என்கிறோம். அதை பம்பின் ஹெட்டால் வகுத்தால் வருவது தோமா எண், σ. பெரிய பம்புக்கு நிலையத்தில் 7 மீட்டர் கிடைக்கும் என்றால் σ = 7/40 = 0.175. மாடலில் ஹெட் 22.5 மீட்டர்தான் என்பதால் அதே σ-க்கு என்.பி.எஸ்.எச். 3.94 மீட்டராக இருக்க வேண்டும். திறந்த தொட்டியிலிருந்து தண்ணீர் எடுத்தால் வளிமண்டலமே 10 மீட்டர் கொடுத்துவிடும். மாடல் சௌகரியமாக ஓடும், குமிழியே வராது, பார்ப்பவருக்கும் திருப்தியாக இருக்கும். ஆனால் நிலையத்தில் நடக்கப்போவதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. அதனால்தான் டெஸ்ட் பெட்டில் மூடிய தொட்டி வைத்து, மேலே வேக்குவம் பம்பால் காற்றை இழுக்கிறார்கள். தண்ணீர் மட்டம் இம்பெல்லருக்கு 1 மீட்டர் மேலே இருக்கிறது, குழாய் இழப்பு மிகக் குறைவு என்றால், 25 டிகிரி தண்ணீருக்குத் தொட்டிக்குள் சுமார் 32 கிலோபாஸ்கல் தனியழுத்தம் வைக்க வேண்டும். வளிமண்டலத்தில் மூன்றில் ஒரு பங்கு.

அங்கிருந்து அழுத்தத்தைப் படிப்படியாக இறக்கி, ஹெட் 3 சதவீதம் விழும் இடத்தைக் குறித்துக்கொள்வது வழக்கம். ஆனால் உறிஞ்சும் குழாயில் கண்ணாடி ஜன்னல் வைத்து ஸ்ட்ரோப் விளக்கில் பார்த்தால், ஹெட் அசைவதற்கு வெகு முன்பே பிளேடின் முன்விளிம்பில் குமிழிகள் தெரியும். ஜல்லியை உள்ளே போட்டுச் சுற்றுவது போன்ற சத்தமும் அதற்கு முன்பே ஆரம்பித்துவிடும். உலோகத்தை அரிப்பது அந்தக் குமிழிகள்தான். ஆக, 3 சதவீதப் புள்ளியைப் பெரியதற்கு மாற்றிச் சொல்லலாமே தவிர, அதற்கு மேலே இருந்தால் அரிப்பு வராது என்று சொல்ல முடியாது. தண்ணீரில் கரைந்திருக்கும் காற்றும் குமிழி எப்போது தோன்றும் என்பதை மாற்றும். வேக்குவத்தில் நெடுநேரம் ஓடிக் காற்று போன தண்ணீரும், அன்று காலை நிரப்பிய தண்ணீரும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

இனி இறக்கை. பம்பில் நாம் தைரியமாக விட்டுக்கொடுத்த எண்ணை இறக்கையில் அவ்வளவு எளிதாக விட முடியாது. காரணம், ஓட்டம் எங்கே பரப்பை விட்டுப் பிரிகிறது என்பதுதான் இறக்கையின் தலையெழுத்து. அதைத் தீர்மானிப்பது பரப்பை ஒட்டிய மெல்லிய படலம். படலம் அமைதியாக ஓடுகிறதா, கொந்தளிப்பாக ஓடுகிறதா என்பது ரெனால்ட்ஸ் எண்ணைப் பொறுத்தது. கொந்தளிப்பான படலம் பிடிவாதமாக ஒட்டிக்கொண்டிருக்கும். அமைதியான படலம் சீக்கிரம் பிரிந்துவிடும்.

ஒரு சிறிய விமானம் நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் பறக்கிறது, இறக்கையின் அகலம் 1.5 மீட்டர். Re 60 லட்சம். பத்தில் ஒரு பங்கு மாடலில் அதே எண் வேண்டுமென்றால் காற்று நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் வர வேண்டும். அது ஒலியைவிட ஒன்றே முக்கால் மடங்கு வேகம். அங்கே அதிர்வலைகள் வந்து, ஓட்டமே வேறு ஓட்டமாகிவிடும். Re சமம், ஆனால் ஒலியின் வேகத்தோடு ஒப்பிட்ட வேகமான மாக் எண் கெட்டது.

இதற்கு விமானவியல் வல்லுநர் மேக்ஸ் முங்க் கண்ட வழி, வேகத்தைக் கூட்டாமல் அடர்த்தியைக் கூட்டுவது. அமெரிக்காவின் லாங்லியில் 1920-களின் தொடக்கத்தில் விண்ட் டனலையே ஒரு பெரிய இரும்புத் தொட்டிக்குள் வைத்து 20 வளிமண்டல அழுத்தம் வரை காற்றை அடைத்தார்கள். அழுத்தத்தால் காற்றின் பாகுநிலை அநேகமாக மாறாது. அடர்த்தி 20 மடங்கானால், இருபதில் ஒரு பங்கு மாடலும் அதே வேகத்தில் முழு விமானத்தின் Re-ஐத் தொடும். மாக் எண்ணும் கெடாது. இதற்கும் விலை உண்டு. நம் பத்தில் ஒரு பங்கு மாடலை 10 வளிமண்டலத்தில் வைத்தால், பரப்பு நூறில் ஒன்று, ஆனால் தூக்குவிசை பத்தில் ஒன்று. ஒவ்வொரு சதுர செ.மீ. மீதும் பத்து மடங்கு பாரம். மாடல் இறக்கை வளைந்துவிட்டால் வடிவமே மாறிப் போகும்.

இந்தத் தொல்லையைத் தவிர்க்கப் பிற்காலத்தில் குளிரைப் பிடித்தார்கள். லாங்லியிலும் ஜெர்மனியின் கொலோனிலும் உள்ள கிரையோஜெனிக் டனல்களில் ஓடுவது நைட்ரஜன். சுமார் 110 கெல்வினுக்குக் குளிர்வித்தால் அடர்த்தி கூடுகிறது, பாகுநிலை குறைகிறது, ஒலியின் வேகமும் குறைகிறது. அதே மாக் எண்ணில், அதே அழுத்தத்தில், Re மட்டும் ஏறக்குறைய 4 மடங்கு உயர்கிறது. அதிலும் நல்ல விஷயம் என்னவென்றால், மாடல் மேல் விழும் விசை கூடுவதில்லை. அது அழுத்தத்தையும் மாக் எண்ணையும் மட்டுமே பொறுத்தது.

அந்த வசதியில்லாத டனல்களில் செய்வது ஒரு சமாளிப்பு. இறக்கையின் முன்பகுதியில் கார்போரண்டம் பொடியை மெல்லிய பட்டையாக ஒட்டி, படலத்தை வலுக்கட்டாயமாகக் கொந்தளிக்க வைப்பார்கள். பல நேரம் இது போதும். போதாத இடமும் உண்டு. அமெரிக்காவின் சி-141 சரக்கு விமானத்துக்கு டனலில் கணித்த இடத்தைவிடப் பறக்கும்போது இறக்கையின் மேலிருந்த அதிர்வலை பின்னால் தள்ளி நின்றது. குறைந்த Re-ல் மாடலின் படலம், விகிதத்துக்கு மீறித் தடித்திருந்ததுதான் காரணம். அதிர்வலை இடம் மாறினால் இறக்கை மீது பாரம் விழும் இடமும், மூக்கைத் தூக்கி இறக்கும் முறுக்கமும் மாறும்.

உங்கள் 10 செ.மீ. இறக்கைக்கு வருகிறேன். டனலில் நொடிக்கு 20 மீட்டர் என்று வைத்தால் Re சுமார் 1 லட்சத்து 33 ஆயிரம். இந்த எண்ணில் அமைதியான படலம் மேற்பரப்பில் பிரிந்து, கொந்தளிப்பாகி, மறுபடி ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு குமிழ் மாதிரி இடம் உண்டாகும். மண்ணெண்ணெயில் டைட்டானியம் டை ஆக்சைடு குழைத்துப் பூசி ஓட்டினால், அந்த இடத்தில் பூச்சு நகராமல் தேங்கி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். சிறிய கோணங்களில் தூக்குவிசை கோணத்தோடு ஏறும் சரிவை ஓரளவு நம்பலாம். ஓட்டம் பிரிந்து தூக்குவிசை விழும் கோணம், அதாவது ஸ்டால் ஆகும் கோணம், அதிகபட்சத் தூக்குவிசை, இழுவிசை இவை மூன்றையும் முழு அளவு விமானத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள். வேகத்தை 15, 20, 25 என்று மாற்றிப் பாருங்கள். தூக்குவிசைக் குணகத்தின் கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று விழாமல், வேகம் கூடக் கூட ஸ்டால் தள்ளிப் போனால் நீங்கள் Re-க்குக் கட்டுப்பட்ட பகுதியில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

அதே அளவுகள் ஒரு சின்ன டிரோனுக்கு அப்படியே செல்லும். 20 செ.மீ. அகல இறக்கையோடு நொடிக்கு 10 மீட்டரில் பறக்கும் டிரோனின் Re-ம் அதே 1 லட்சத்து 33 ஆயிரம்தான். ரிப்போர்ட்டில் தலைப்பை அதற்கேற்ப மாற்றிக்கொண்டால் எடுத்த அளவுகள் வீணாகாது. இறக்கையின் வடிவமும் நீள அகல விகிதமும் ஒன்றாக இருக்க வேண்டும், டனல் சுவர்களின் குறுக்கீட்டுக்கான திருத்தத்தை மட்டும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.